ஸ்டாப் பட்டனில் தொடங்கும் இன்டர்வியூ

"ஐயா, நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தைச் சேர்ந்தவன். எலெக்ட்ரிக்கல் டிப்ளமா முடித்து, கோவையில் இரண்டு மாதம் பி.எல்.சி. பயிற்சி எடுத்தேன். அடுத்த வாரம் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் இன்டர்வியூ. முன் அனுபவம் எதுவும் இல்லை. நண்பன் நூறு கேள்வி-பதில் கொண்ட தாள் ஒன்றைக் கொடுத்தான். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. என்ன கேட்பார்கள், எப்படிப் பதில் சொல்வது?"

அன்புள்ள தம்பிக்கு,

அந்த நூறு கேள்வித் தாளை மடித்து வைத்துவிடுங்கள். வாளையாறு, கஞ்சிக்கோடு வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் கன்ட்ரோல் பேனல் வேலையிலேயே காலம் தள்ளியவன் என்ற முறையில், மேசையின் மறுபக்கத்தில் நானும் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். பி.எல்.சி. என்பதன் விரிவு என்ன, அதன் பாகங்கள் எவை என்பன போன்ற கேள்விகள் முதல் மூன்று நிமிடத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு வெள்ளைத் தாளை உங்கள் பக்கம் தள்ளி, "ஒரு கன்வேயர் மோட்டாருக்கு ஸ்டார்ட், ஸ்டாப் லேடர் போடுங்கள்" என்பார்கள். அனுபவம் இல்லாதவரிடம் நான் கேட்பதும் இந்த ஒன்றைத்தான். மற்ற கேள்விகள் எல்லாம் இதிலிருந்தே கிளைக்கும் என்பதால், இந்த ஒன்றைக் கடைசி வரை இழுத்துப் பார்ப்போம்.

தாளைக் கண்டதும் கோடு போடத் தொடங்காதீர்கள். முதலில், "ஸ்டாப் பட்டனை என்.சி.யாக ஒயர் செய்திருக்கிறீர்களா, என்.ஓ.வாகவா?" என்று திருப்பிக் கேளுங்கள். நான் பார்த்த வரையில் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைக் கேட்பதில்லை; கேட்பவரைப் பார்த்ததும் எதிரில் இருப்பவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். "என்.சி.தான்" என்று பதில் வந்த பிறகு, தாளின் மூலையில் எந்த முகவரியில் என்ன இருக்கிறது என்று நான்கு வரி எழுதிக்கொண்டு லேடருக்கு வாருங்கள். சீமென்ஸ் முறையில் எழுதினால் இப்படி வரும்.

```
I0.0  START  (NO)
I0.1  STOP   (NC)
I0.2  OLR 95-96 (NC)
Q0.0  MOTOR

|   I0.0        I0.1    I0.2     Q0.0  |
|---| |---+-----| |-----| |------( )---|
|   Q0.0  |                            |
|---| |---+                            |
```

இதை வரைந்து முடித்ததும் வரும் அடுத்த கேள்வியை நான் இப்போதே சொல்லிவிடுகிறேன்: "ஸ்டாப் பட்டன் என்.சி. என்கிறீர்கள், லேடரில் என்.ஓ. குறி போட்டிருக்கிறீர்களே, தவறு இல்லையா?" பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறி, சரியாக இருந்ததை அடித்துவிட்டு சாய்கோடு போட்ட குறியாக மாற்றி, கையில் இருந்த மதிப்பெண்ணைத் தாங்களே தொலைக்கிறார்கள்.

சரியான பதில் இது. லேடரில் இருக்கும் குறி பட்டனின் படம் அன்று; "இந்த பிட் 1 ஆக இருக்கிறதா?" என்று புரோகிராம் கேட்கும் கேள்வி அது. பட்டனை யாரும் தொடாதபோது என்.சி. கான்டாக்ட் மூடியே இருப்பதால், 24 வோல்ட் அதன் வழியாக வந்து I0.1 இன்புட்டில் நிற்கிறது, பிட் 1. ஆகவே "1 ஆக இருக்கிறதா" என்று கேட்கும் `| |` குறி, ஆம் என்று வழி விடுகிறது. பட்டனை அழுத்தினால் கான்டாக்ட் திறந்து, பிட் 0 ஆகி, வழி அடைபட்டு மோட்டார் நிற்கிறது. இங்கே `|/|` போட்டிருந்தால், சும்மா இருக்கும்போது மோட்டார் எடுக்கவே எடுக்காது. ஸ்டாப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டைத் தட்டினால்தான் ஓடும்.

நீங்கள் பயிற்சியில் `|/|` போட்டுப் பழகியிருக்கவும், அது ஒழுங்காகவே வேலை செய்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அதற்குக் காரணம் சிமுலேட்டர். அதில் இன்புட்டுகள் எல்லாம் 0 ஆகத்தான் தொடங்கும். அங்கே பட்டனும் இல்லை, ஒயரும் இல்லை. 0 ஆக இருக்கும் ஸ்டாப்புக்கு `|/|` போட்டால் எல்லாம் சரியாக ஓடுவது போலவே தெரியும். அதே புரோகிராமை உண்மையான பேனலில் ஏற்றினால் மோட்டார் அசையாது. இதை நீங்களே முந்திக்கொண்டு சொன்னால், சிமுலேட்டருக்கும் பேனலுக்கும் உள்ள இடைவெளி உங்களுக்குத் தெரியும் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும்.

அடுத்து, "அப்படியானால் எதற்காக என்.சி.? என்.ஓ. போட்டு, லேடரில் `|/|` போட்டால் போதாதா?" என்பார்கள். போதும், ஒயர் நன்றாக இருக்கும் வரை போதும். ஒரு தொழிற்சாலையில் நான் கண்டதைச் சொல்கிறேன். லோடிங் மேடைக்குப் பக்கத்தில் ஒரு பட்டன் பெட்டி இருந்தது. இடவப்பாதி மழைச் சாரல் கேபிள் நுழையும் வழியாக உள்ளே இறங்கி, ஸ்டாப் பட்டனின் டெர்மினல் பச்சை பூத்து, ஒயர் அதிலிருந்து கழன்றே போயிருந்தது. அந்தப் பட்டன் என்.ஓ. அதை வழக்கமாக யாரும் பயன்படுத்துவதில்லை. பேனலில் இருந்தே நிறுத்துவார்கள். அதனால் ஒயர் என்றைக்குக் கழன்றது என்பது யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் சாக்கு ஒன்று ரோலரில் மாட்டிக்கொள்ள, அங்கே நின்றிருந்த தொழிலாளி மூன்று முறை அழுத்தியும் கன்வேயர் நிற்கவில்லை. பேனலுக்கு ஓடிப்போய் நிறுத்துவதற்குள் பெல்ட் கிழிந்துவிட்டது. கை மாட்டவில்லை என்பதுதான் ஆறுதல்.

அதே பட்டன் என்.சி.யாக இருந்திருந்தால், ஒயர் கழன்ற கணமே I0.1 பிட் 0 ஆகி, கன்வேயர் தானாக நின்றிருக்கும். மீண்டும் ஓடாது என்பதால் மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிட்டே தீர வேண்டியிருக்கும். ஒயர் அறுந்தாலும், டெர்மினல் தளர்ந்தாலும், 24 வோல்ட் பியூஸ் போனாலும், எல்லாமே மோட்டார் நிற்கும் பக்கம்தான் போய்ச் சேரும். ஓவர்லோடு ரிலேயில் 95-96 என்று எண்ணிட்ட என்.சி. கான்டாக்டை எடுத்து I0.2-க்குக் கொண்டுவருவதும் இதே காரணத்துக்காகத்தான். ஸ்டார்ட் பட்டன் மட்டும் ஏன் என்.ஓ. என்று கேட்டால், ஒயர் அறுந்தால் அது மோட்டாரைத் தானாக ஓட்டிவிடக் கூடாது என்று சொன்னால் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. என்.சி. எல்லாக் கோளாற்றையும் காட்டிக்கொடுத்துவிடும் என்று சொல்லிவிடாதீர்கள். பட்டனுக்குப் போகும் ஒயரும் திரும்பி வரும் ஒயரும் கேபிளுக்குள் நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் இன்புட்டில் 24 வோல்ட் நிற்கும். புரோகிராமுக்கு எதுவும் தெரியாது. எமர்ஜென்சி ஸ்டாப்பை ஒற்றை இன்புட்டாக சாதாரண பி.எல்.சி.க்குக் கொடுத்து, லேடரில் மட்டும் அதை நம்பியிருக்கக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். பட்டனில் இரண்டு என்.சி. கான்டாக்ட் வைத்து, இரண்டு தனி வழிகளாக ஒரு சேஃப்டி ரிலேக்குக் கொண்டுபோய், அந்த ரிலே கான்டாக்டரின் மின்சாரத்தையே நேரடியாக வெட்டும்படி அமைப்பார்கள். "எமர்ஜென்சி அழுத்தப்பட்டது" என்ற தகவல் மட்டும் பி.எல்.சி.க்கு வரும். "எமர்ஜென்சியை எங்கே கொடுப்பீர்கள்?" என்று கேட்டால் இந்த அளவு சொன்னால் போதும், சேஃப்டி பி.எல்.சி. பற்றித் தெரியாமல் அதற்கு மேல் போக வேண்டாம்.

பிறகு ஹோல்டிங் கான்டாக்ட் பற்றிக் கேட்பார்கள். ஸ்டார்ட் பட்டனில் இருந்து கையை எடுத்த பிறகும் மோட்டார் ஓடுவதற்கு, Q0.0-இன் கான்டாக்டை ஸ்டார்ட்டுக்கு இணையாகப் போட்டிருக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அந்த இணை வழியை எந்த இடத்தில் சேர்க்கிறீர்கள் என்பதைத்தான் அவர்கள் கவனிப்பார்கள். ஸ்டாப்புக்கு முன்பே சேர்த்துவிட வேண்டும். அதைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தால், ஒருமுறை ஓடத் தொடங்கிய மோட்டாரை ஸ்டாப் பட்டன் நிறுத்தாது. இரண்டு பட்டனையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். மேலே வரைந்தபடி இருந்தால் ஸ்டாப்பே வெல்லும், மோட்டார் ஓடாது.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு: "ஓடிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போய், ஐந்து நிமிடம் கழித்து வருகிறது. மோட்டார் என்ன செய்யும்?" ஹோல்டிங் முறையில் எழுதியிருந்தால், மின்சாரம் போனதும் Q0.0 விழுந்து பிடி விட்டுப்போகும். மின்சாரம் திரும்பினாலும் யாராவது ஸ்டார்ட்டை அழுத்தும் வரை ஓடாது. ஓவர்லோடு ரிலே சூடு ஆறித் தானாகச் சேர்ந்துகொண்டாலும் அப்படியே. இதையே செட், ரீசெட் கட்டளைகளால் ஒரு M பிட்டில் எழுதி, அந்த பிட்டை நினைவில் நிற்கும்படி, அதாவது ரிடென்டிவாக, வைத்திருந்தால் கதை வேறு. மின்சாரம் வந்ததும், பெல்ட்டின் மேல் யார் குனிந்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் மோட்டார் எடுத்துவிடும். அதனால் மோட்டாருக்கு நான் ஹோல்டிங் முறையையே விரும்புவேன். மின்தடைக்குப் பிறகும் நினைவில் இருக்க வேண்டிய உற்பத்தி எண்ணிக்கை போன்றவற்றுக்கு ரிடென்டிவ் வைப்பேன் என்று சொல்லுங்கள்.

ஸ்கேன் பற்றிய கேள்விக்கு எல்லோரும் ஒப்பிக்கும் பதில் ஒன்று இருக்கிறது: இன்புட்டுகளைப் படிக்கும், புரோகிராமை மேலிருந்து கீழாக ஓட்டும், அவுட்புட்டுகளை எழுதும், மீண்டும் தொடங்கும். பதில் சரிதான், ஆனால் அது புரிந்ததா என்று பார்க்க, அவர்கள் அதே தாளில் இன்னொரு ரங்கைச் சேர்ப்பார்கள். ஆட்டோவுக்கு ஒரு ரங், மேனுவலுக்கு ஒரு ரங், இரண்டின் முடிவிலும் Q0.0 காயில். ஆட்டோ ரங் மேலே இருக்கிறது, அதன் நிபந்தனை எல்லாம் சரியாக இருக்கிறது. மேனுவல் ரங் கீழே இருக்கிறது, அதில் எதுவும் அழுத்தப்படவில்லை. மோட்டார் ஓடுமா?

ஓடாது. மேல் ரங்கில் Q0.0-க்கு 1 எழுதப்படுகிறது. ஆனால் அது பி.எல்.சி.யின் நினைவில்தான், வெளியே இருக்கும் அவுட்புட்டில் அன்று. கீழ் ரங்குக்கு வரும்போது அதே பிட்டில் 0 எழுதப்படுகிறது. ஸ்கேன் முடிவில் வெளியே போவது கடைசியாக எழுதிய 0 மட்டுமே. அதனால் கான்டாக்டர் ஒரு துடிப்புக்கூடத் துடிக்காது. பேனலில் இதை அடையாளம் காண்பது எளிது: லேப்டாப்பில் ஆன்லைன் பார்த்தால் மேல் ரங் காயில் வரை பச்சையாக இருக்கும், பி.எல்.சி.யின் முகப்பில் Q0.0 விளக்கு மட்டும் எரியாது. தீர்வாக, ஆட்டோவின் முடிவை M10.0-இலும் மேனுவலின் முடிவை M10.1-இலும் எழுதி, இரண்டையும் இணையாகக் கொண்ட ஒரே ரங்கில் Q0.0 காயிலை வைக்க வேண்டும். ஸ்டாப்பும் ஓவர்லோடும் அந்த ரங்கிலேயே வரிசையில் நிற்க வேண்டும். ஓர் அவுட்புட்டுக்கு ஒரே காயில் என்ற விதியை ஒப்பிப்பதைவிட, இந்த 0 எப்படி 1-ஐ அழித்தது என்று விரலால் தாளில் காட்டுவது நல்லது.

கடைசியாக, பேனா மூடியை மூடிவிட்டு, "ஆபரேட்டர் ஸ்டார்ட்டை அழுத்துகிறார், மோட்டார் ஓடவில்லை. என்ன செய்வீர்கள்?" என்பார்கள். தொழிற்சாலைகளில் புதியவருக்கு முதல் ஓராண்டு கிடைக்கும் வேலை பெரும்பாலும் இதுதான் என்பதால், இந்தப் பதிலுக்கே எடை அதிகம். "லேப்டாப்பை இணைத்து புரோகிராமைப் பார்ப்பேன்" என்று தொடங்குபவரை நான் கொஞ்சம் தள்ளியே வைப்பேன். நேற்று வரை ஓடிய புரோகிராம் ராத்திரியோடு ராத்திரியாகத் தானாக மாறுவதில்லை. மாறுவது ஒயர், சுவிட்ச், பியூஸ் ஆகியவைதான்.

பி.எல்.சி.யின் முகத்தைப் பார்ப்பதில் தொடங்குங்கள். ரன் விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகு, எதையும் அழுத்தாமலே I0.1, I0.2 இரண்டும் எரிகின்றனவா என்று பாருங்கள், இரண்டும் என்.சி. என்பதால் எரிந்தே ஆக வேண்டும். எல்லா இன்புட் விளக்கும் ஒன்றாக அணைந்திருந்தால், தனித்தனிப் பட்டனைச் சந்தேகிக்காமல் 24 வோல்ட் சப்ளை, அதன் பியூஸ், 1M என்ற பொது டெர்மினல் ஆகியவற்றைப் பாருங்கள். I0.2 மட்டும் அணைந்திருந்தால் பெரும்பாலும் ஓவர்லோடு டிரிப் ஆகியிருக்கும். அதை ரீசெட் செய்வதற்கு முன், ஏன் டிரிப் ஆனது என்று மோட்டார் கரன்டைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். I0.1 மட்டும் அணைந்திருந்தால், மல்டிமீட்டரின் கறுப்பு முனையை 0 வோல்ட்டில் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையால் பட்டனின் உள்வரும் டெர்மினல், வெளியேறும் டெர்மினல், பி.எல்.சி. டெர்மினல் என்று வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனால், 24 எங்கே மறைகிறதோ அதற்கு முந்தைய துண்டில்தான் கோளாறு. எட்டு, பத்து வோல்ட் என்று அரைகுறையாகக் காட்டினால், துருப்பிடித்த கான்டாக்டையோ தளர்ந்த திருகையோ நினைத்துக்கொள்ளுங்கள். 24 வோல்ட் டி.சி. இன்புட்டுகள் பொதுவாக 15 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் 1 என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும், 5-க்குக் கீழே போனால் 0 என்று எடுத்துக்கொள்ளும், இடைப்பட்டதற்கு உத்தரவாதம் இல்லை.

இரண்டும் எரிகின்றன என்றால் ஸ்டார்ட்டை அழுத்தச் சொல்லி I0.0 எரிகிறதா, தொடர்ந்து Q0.0 எரிகிறதா என்று பாருங்கள். I0.0 எரிந்தும் Q0.0 எரியவில்லை என்றால், அப்போதுதான் லேப்டாப்புக்கு வேலை. Q0.0 எரிகிறது என்றால் புரோகிராம் தன் வேலையை முடித்துவிட்டது. கோளாறு அதற்கு வெளியே இருக்கிறது. இடையில் இருக்கும் சிறிய ரிலே இழுத்ததா, கான்டாக்டரின் A1, A2 இடையே காயில் வோல்டேஜ் வருகிறதா என்று பாருங்கள். வோல்டேஜ் வந்தும் கான்டாக்டர் இழுக்கவில்லை என்றால் காயில் எரிந்திருக்கலாம். கான்டாக்டர் இழுத்தும் மோட்டார் உறுமிக்கொண்டு நின்றால், ஒரு பேஸ் போயிருக்கும், அல்லது பெல்ட் மாட்டியிருக்கும், உடனே நிறுத்த வேண்டும்.

"இன்புட் வரவில்லை என்றால் ஃபோர்ஸ் செய்து ஓட்டிவிடலாமே?" என்று சிரித்துக்கொண்டே தூண்டில் போடுவார்கள். ஸ்டாப்பையோ ஓவர்லோடையோ ஃபோர்ஸ் செய்தால் அந்தப் பாதுகாப்பே இல்லாமல் போய்விடும், அதைச் செய்ய மாட்டேன் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

எந்த நிறுவனத்தின் பி.எல்.சி. தெரியும் என்ற கேள்விக்குப் பயின்ற ஒன்றை மட்டும் சொல்லுங்கள். அவர்களிடம் மிட்சுபிஷி எஃப்.எக்ஸ். இருந்தால், அங்கே இன்புட் X, அவுட்புட் Y என்றும், எண்கள் எட்டின் அடிமானத்தில் போவதால் X7-க்கு அடுத்தது X10 என்றும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. கேள்விகள் மலையாளத்தில் வரும். நீங்கள் தமிழ் கலந்த மலையாளத்தில் பதில் சொல்வதைப் பற்றிக் கஞ்சிக்கோட்டில் யாரும் கவலைப்பட மாட்டார்கள், லேடருக்கு இரண்டு மொழியிலும் ஒரே சொல்தான்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். சிமுலேட்டரைத் திறந்ததும், ரன் கொடுப்பதற்கு முன்பே I0.1, I0.2 இரண்டையும் 1 ஆக்கிவிட்டு, பிறகு மேலே உள்ள லேடரை ஓட்டுங்கள். I0.0-ஐ 1 ஆக்கி மீண்டும் 0 ஆக்குங்கள், மோட்டார் ஓடும்போது I0.1-ஐ 0 ஆக்கி மீண்டும் 1 ஆக்குங்கள். மோட்டார் நின்றபடியே இருக்க வேண்டும். பிறகு வேண்டுமென்றே, 0 ஆக இருக்கும் I0.3-இன் `| |` குறியோடு இரண்டாவது Q0.0 காயில் ஒன்றைக் கீழே போட்டு, I0.0-ஐ 1 ஆகவே வைத்துக்கொண்டு, மேல் ரங் பச்சையாக இருக்கும்போதே அவுட்புட் 0 ஆக நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு அதை அழித்துவிடுங்கள்.